வாரக் கூலியில் ஆர்.டி.: எந்தத் தொகையில் தொடங்குவது?

"கட்டட வேலை செய்கிறேன். ஒரு வாரம் நாலாயிரம் வரும், மழை பெய்தால் ஒன்றுமே வராது. போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. போட ஆசை. மாதம் எவ்வளவு கட்டலாம்? நடுவில் கட்ட முடியாமல் போனால் பணம் போய்விடுமா?"

பணம் போகாது. ஆனால், தவணைத் தொகையை முதலிலேயே சரியாக முடிவு செய்தால் அந்த நிலையே பெரும்பாலும் வராது. பலரும் வேலை நன்றாக ஓடும் மாதத்தை மனதில் வைத்துத் தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடந்த ஓராண்டில் மிகக் குறைவாக வேலை கிடைத்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாதத்தில் வீட்டுச் செலவு போக 300 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும் என்றால், உங்கள் தவணை 300 ரூபாய்தான். குறைந்தபட்சத் தவணையே 100 ரூபாய் என்பதால் இது சிறிய தொகை என்று தயங்க வேண்டாம்.

கணக்கை மாதத்தின் 15ஆம் தேதிக்குப் பிறகு தொடங்குங்கள். அப்படிச் செய்தால், அடுத்தடுத்த தவணைகளை அந்தந்த மாதத்தின் கடைசி வேலை நாள் வரை கட்டலாம். நான்கு வாரக் கூலியும் கைக்கு வந்து சேர அவகாசம் கிடைக்கும்.

கூடுதலாகக் கிடைக்கும் வாரங்களில் மிஞ்சுவதை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். அங்கே 1,800 ரூபாய் சேர்ந்ததும் ஆறு தவணைகளை ஒரே நேரத்தில் முன்கூட்டியே கட்டிவிடலாம். நூறு ரூபாய்த் தவணைக்குப் பத்து ரூபாய் வீதம் 30 ரூபாய் தள்ளுபடியும் உண்டு. மழைக்காலத்துக்குச் சற்று முன்பு இப்படிக் கட்டிவிட்டால், வேலை இல்லாத அந்த மாதங்களில் தவணையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எனினும், சேமிப்புக் கணக்கை முழுவதும் துடைத்துவிடாமல், திடீர் மருத்துவச் செலவுக்கென ஒரு பகுதியை அங்கேயே விட்டுவையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மாதம் தவறினால், நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம், அதாவது உங்களுக்கு மூன்று ரூபாய், அபராதம். அடுத்த முறை செல்லும்போது முதலில் விடுபட்ட தவணையையும் அபராதத்தையும் கட்டிய பிறகே நடப்பு மாதத் தவணையை ஏற்பார்கள். நான்கு தவணைகள் தவறினால் கணக்கு நின்றுவிடும். அதிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு பணம் கட்ட முடியாது. பாஸ்புக்கில் மூன்றாவது விடுபட்ட மாதம் தெரியும்போதே, கடன் வாங்காமல் அதைச் சரிசெய்ய வழி தேடுங்கள்.

ஐந்தாண்டுகள் முடியும் முன் பணத்தை எடுக்கவும் வழி உண்டு, மூன்றாண்டுகள் கடந்த பிறகு. ஆனால், அப்போது சேமிப்புக் கணக்குக்கான குறைந்த வட்டியே கிடைக்கும். அவசரம் என்றால், பன்னிரண்டு தவணைகள் கட்டி ஓராண்டு கடந்த கணக்கில் இருப்பில் பாதி வரை கடன் பெறலாம். கணக்கை மூடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பின்னர் வேலை நிலைத்து வருமானம் கூடினால், இந்தக் கணக்கின் தவணையை உயர்த்த முடியாது. அதற்கு இன்னொரு 300 ரூபாய்க் கணக்கைத் தனியாகத் தொடங்குங்கள். இரண்டாவதைக் கட்ட முடியாமல் போனாலும் முதலாவது பாதிக்கப்படாது.