சர்க்கரை நோய்ப் பாடத்தைப் பராமரிப்புத் திட்டமாக மாற்றுதல்

"சர்க்கரை நோய் விரிவுரைக் குறிப்பு முழுவதும் கையில் இருக்கிறது, செவிலியப் பராமரிப்புத் திட்ட அட்டவணையில் எதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை."

விரிவுரை நோயைப் பற்றியது, அட்டவணையோ ஒரு நோயாளியைப் பற்றியது. ஆகவே ஒருவரை முன்னிறுத்தித் தொடங்குங்கள். பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 55 வயதுக்காரர் ஒருவர், "கால் மரத்துப் போகுது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொற்கள் மதிப்பீட்டுக் கட்டத்தில் அகநிலைத் தரவாக அப்படியே இடம்பெற வேண்டும். தொடு உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை பாதத்தில் பட்டதை அவர் உணரவில்லை, தோல் வறண்டிருக்கிறது, புண் இல்லை என்பவை புறநிலைத் தரவு.

அடுத்த கட்டத்தில்தான் பலரும் "சர்க்கரை நோய்" என்று எழுதிவிடுகிறார்கள். அது மருத்துவரின் கண்டறிதல். செவிலியக் கண்டறிதல் "பாத உணர்விழப்பினால் தோல் சிதைவு ஏற்படும் அபாயம்" என்பதாகும். புண் ஏற்கெனவே இருந்திருந்தால் அபாயம் என்று எழுதக் கூடாது.

"பாதத்தைப் பராமரிப்பார்" என்ற இலக்கை அளக்க முடியாது. "வீடு திரும்புமுன், கண்ணாடி வைத்து இரு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் தாமே சோதித்துக் காட்டுவார்" என்று எழுதுங்கள். செயல்பாட்டில், சோதிக்கும் முறையைச் செய்துகாட்டுவதும், காலணியை அணியுமுன் உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்வதும் வரும். விரிவுரையின் நரம்புப் பாதிப்பு விளக்கம், இவற்றை ஏன் செய்கிறோம் என்ற காரணக் கட்டத்துக்கு உரியது.

மதிப்பாய்வில் உணர்வு திரும்பியதா என்று பார்க்காமல், இலக்கில் சொன்னதையே பாருங்கள்: "உள்ளங்காலைச் சோதித்தார், விரலிடுக்குகளை விட்டுவிட்டார், இலக்கு பகுதியளவு நிறைவேறியது, நாளை மீண்டும் கற்பிக்கப்படும்."