ஒரு லோடு நார், இருபத்திரண்டு ஷரத்துகள்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் வக்கீலாக இருக்கிறேன். எங்கள் கட்சிக்காரர் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னை நார் மில் வைத்திருப்பவர். ஆலப்புழை கம்பெனி ஒன்றுக்கு ஒரு வருடம் நார் சப்ளை செய்யப் போகிறார். ஒப்பந்த வரைவை ஆபீசில் பயிற்சிக்கு வந்திருக்கும் சட்ட மாணவி எழுதினார். 22 ஷரத்துகள், நல்ல மொழி. படித்தால் குறை தெரியவில்லை, ஆனால் கையெழுத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை. சரியாக இருக்கிறதா, எல்லாம் இருக்கிறதா, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை எப்படிப் பார்ப்பது? வரைவை இணைத்திருக்கிறேன்.

ஒரு வழக்கறிஞர், சித்தூர் தாலுக்கா, பாலக்காடு

அன்புள்ள நண்பருக்கு,

வரைவை முதல் ஷரத்திலிருந்து கடைசி ஷரத்து வரை வரிசையாகப் படித்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். மாதிரிப் படிவத்திலிருந்து வரும் வாக்கியங்கள் தனித்தனியாகப் பார்த்தால் பழுதில்லாதவை. அதனால் ஒரு லாரி லோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த நாள் முதல் பணம் கைக்கு வரும் நாள் வரை அதை ஒப்பந்தத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஷரத்து பேசுகிறது என்று கேளுங்கள். எதுவும் பேசாத இடம் விடுபட்ட ஷரத்து. இரண்டு ஷரத்து இரண்டு விதமாகப் பேசினால் பிழை. ஒன்றே பேசி, அது உங்கள் கட்சிக்காரரைக் கடித்தால் ஆபத்து.

லோடு கிளம்புமுன் ஒரு பிழை. விற்பவர் என்று மில்லின் பெயரைப் போட்டு, "அதன் மேலாளர் மூலமாக" என்று எழுதியிருக்கிறார் மாணவி. மில் ஒருவருக்கே சொந்தமான நிறுவனம். சட்டத்தின் கண்ணில் அதற்குத் தனி உருவம் கிடையாது. உரிமையாளரே கட்சி. ஜிஎஸ்டி சான்றிதழில் சட்டப்படியான பெயரும் வியாபாரப் பெயரும் தனித்தனி வரியில் இருக்கும். அங்கிருந்துதான் பெயரை எடுக்க வேண்டும், லெட்டர்பேடிலிருந்து அல்ல. ஷரத்து 9 அறிவிப்புக்காக 14ஐப் பார்க்கச் சொல்கிறது, அறிவிப்பு இருப்பதோ 13இல். இது ஐந்து நிமிட வேலை.

இனி எடைக்கு வருவோம். உங்கள் வரைவின் பெரிய ஓட்டை இதுதான். "வாங்குபவர் இடத்தில் போடும் எடைக்கே பணம், ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது" என்று ஷரத்து 6 சொல்கிறது. எத்தனை நாளுக்குள் எடை போட வேண்டும் என்று எங்கும் இல்லை. மார்ச் மாதம் 10,000 கிலோ நார் 15 விழுக்காடு ஈரத்தோடு போகிறது என்று வையுங்கள். காய்ந்த நார் மட்டும் 8,500 கிலோ. அங்கே கொட்டகையில் சில நாள் கிடந்து ஈரம் 12 விழுக்காட்டுக்கு இறங்கினால், 8,500ஐ 0.88ஆல் வகுக்க, எடை 9,659 கிலோ. நார் ஒன்றும் குறையவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. ஆனால் உங்கள் கட்சிக்காரருக்கு 341 கிலோவுக்குப் பணம் இல்லை. வரைவில் உள்ள 25 ரூபாய் விலைக்கு ஒரு லோடுக்கு 8,525 ரூபாய். மாதம் 20 லோடு என்றால் 1,70,500.

சரிசெய்ய இரண்டு வாக்கியம் போதும். லாரி சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் இரு தரப்பு ஆள் முன்னிலையில் எடையும் ஈரமும் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. பணம் கொடுக்கும் எடை = போட்ட எடை × (100 − ஈரப்பதம்) ÷ 85 என்பது மற்றது. 9,659ஐ 88ஆல் பெருக்கி 85ஆல் வகுத்தால் மறுபடி 10,000 வருகிறது. ஜூன் மழையில் நார் ஈரம் குடித்தால் இதே கணக்கு வாங்குபவரைக் காக்கும், அதனால் ஆலப்புழைக்காரரும் மறுக்கக் காரணமில்லை.

மழை என்றதும் ஷரத்து 11ஐப் பாருங்கள். மாதம் 20 லோடு கட்டாயம், குறையும் ஒவ்வொரு லோடுக்கும் 50,000 ரூபாய் நஷ்டஈடு. தவிர்க்க முடியாத நிகழ்வுகளின் பட்டியலில் போர், பூகம்பம், வெள்ளம் எல்லாம் இருக்கின்றன. களத்தில் நார் காயாத மூன்று வாரத் தென்மேற்குப் பருவமழை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்கு வரும் அந்த மழை ஆண்டுதோறும் எதிர்பார்க்க வேண்டியது. "எதிர்பாராதது" என்ற பட்டியலில் அதைச் செருகினாலும் வாதத்துக்கு இடம் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குறைந்தபட்ச அளவையே 8 லோடாகக் குறைப்பதுதான் வழி. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74இன்படி, எழுதிய தொகையை மிகாத நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லிக் கோர்ட்டில் நிற்பது உங்கள் கட்சிக்காரர்தான். ஷரத்தில் எழுத்துப்பிழைகூட இல்லை, சட்டவிரோதமும் இல்லை. ஆபத்து பெரும்பாலும் இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

பணத்துக்கான ஷரத்து 90 நாள் கெடு கொடுக்கிறது, குறை சொல்ல வாங்குபவருக்கு 30 நாள். உங்கள் கட்சிக்காரர் தானே நார் உற்பத்தி செய்யும் சிறு நிறுவனம், உத்யம் பதிவு உண்டு என்றால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் பிரிவு 15 அந்தக் கெடுவை 45 நாளுக்கு மேல் போக விடாது. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளிலிருந்தே கணக்கு. ஜூன் 1 சேர்ந்த லோடுக்கு ஜூலை நடுவில் பணம் வந்தாக வேண்டும், வரைவுப்படி ஆகஸ்ட் கடைசி. தாமத வட்டியை 12 விழுக்காடு தனிவட்டி என்று எழுதியிருக்கிறார். பிரிவு 16 ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி என்கிறது. இது ஒப்பந்த வாசகத்தை மீறி நிற்கும். ஆனாலும் தவறான எண்ணை விட்டுவைக்காதீர்கள். வாங்குபவரின் கணக்காளர் ஒப்பந்தத்தைத்தான் பார்ப்பார், சட்டத்தை அல்ல. பதிவுச் சான்றிதழின் தேதி ஒப்பந்தத்துக்கு முந்தியதா என்றும், அதில் உற்பத்தி என்று இருக்கிறதா வியாபாரம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நாரை வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த 45 நாள் பாதுகாப்பை நம்ப முடியாது.

தகராறு வந்தால்? ஷரத்து 19 சென்னை நீதிமன்றத்துக்கு மட்டும் அதிகாரம் கொடுக்கிறது. ஆலப்புழைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே நடக்கும் காரியத்தில் சென்னைக்கு என்ன தொடர்பு? இல்லாத அதிகாரத்தைக் கட்சிகள் பேசி ஒரு கோர்ட்டுக்குக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொல்லிவிட்டது. ஷரத்து 20 ஆர்பிட்ரேஷன் எர்ணாகுளத்தில், நடுவரை வாங்குபவரின் நிர்வாக இயக்குநர் நியமிப்பார் என்கிறது. வழக்கில் நலன் உள்ளவர் தனி நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்பது 2019இல் தீர்ந்த விஷயம். இரண்டையும் எடுத்துவிட்டு, இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் ஒரே நடுவர், ஆர்பிட்ரேஷனின் இருக்கை கோயம்புத்தூர் என்று ஒரே ஷரத்தாக எழுதச் சொல்லுங்கள்.

முத்திரைத்தாள் பற்றி ஒரு வார்த்தை. எல்லையில் எந்தப் பக்கத்துத் தாள் கையில் இருக்கிறதோ அதில் அச்சடிப்பது வழக்கம். கேரளத்துக்கு 1959ஆம் ஆண்டின் தனி முத்திரைச் சட்டம் உண்டு. எங்கே முதலில் கையெழுத்தாகிறது என்பதை முன்பே முடிவு செய்து, அந்த மாநிலத்துத் தாளை வாங்குங்கள்.

மாணவியிடம் திருப்பித் தரும்போது நீங்களே திருத்தி எழுதிவிடாதீர்கள். ஓரத்தில் "பிழை", "விடுபட்டது", "ஆபத்து" என்று மட்டும் குறித்து, ஒவ்வொரு ஷரத்துக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று அவரை எழுதச் சொல்லுங்கள்: கட்சிக்காரர் சொன்னதா, ஆவணமா, சட்டப் பிரிவா, பழைய படிவமா. "பழைய படிவம்" என்று வரும் இடங்களை முதலில் படியுங்கள். 6, 11, 19, 20 நான்கும் அங்கேதான் நிற்கும். திருத்திய வரைவு வந்ததும், மார்ச்சில் ஒரு லோடு, ஜூனில் ஒரு லோடு என்று இரண்டை அவரையே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், எடையும் பணம் வரும் தேதியும் உட்பட.

அன்புடன்.