பச்சை விளக்கு எரியும்போதே கரிந்த மோட்டார்: த்ரீ ஃபேஸ் கேள்வி பதில்

வடசேரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கரிந்த மோட்டார்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும், ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய பிரிவென்டர் மாட்டியிருந்தும் கரிந்து வருகிற மோட்டாரைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

குலசேகரம், மரம் அறுக்கும் மில்: அண்ணாச்சி, 7.5 எச்.பி. மோட்டாரு கரிஞ்சு போச்சு. ஒரு கிட்காட் ஃபியூஸ் போயிருந்திச்சு. ஆனா பிரிவென்டர்ல பச்சை லைட்டு கடைசி வரை எரிஞ்சிட்டே இருந்திச்சு. டூப்ளிகேட் சாமானா அது?

டூப்ளிகேட்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதை ஏமாற்றியது உங்கள் மோட்டாரேதான்.

ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் நிற்காது. மிச்சமிருக்கிற இரண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிச் சுற்றும்போது, வெட்டுப்பட்ட அந்த மூன்றாவது முனையில் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கும். ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற சுவிட்சான காண்டாக்டர் மூடியிருப்பதால் அந்த வோல்டேஜ் பின்னோக்கி ஏறி, ஃபியூஸுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் இணைத்திருக்கிற பிரிவென்டரின் முனைக்கே வந்து நிற்கும். பிரிவென்டர் அதை லைன் வோல்டேஜ் என்று நம்பிவிடும்.

எவ்வளவு வரும் என்பதற்கு என் கடையில் பார்த்த ஒரு அளவு சொல்கிறேன். இதே 7.5 எச்.பி., லோடு இல்லாமல் ஓடியது. மூன்று ஃபேஸும் இருந்தபோது 410, 412, 408. சிவப்பை வெட்டியதும் மஞ்சள்–நீலம் 411 அப்படியே நின்றது. சிவப்பு–மஞ்சள் 378, நீலம்–சிவப்பு 372. போன ஃபேஸில் இவ்வளவு வோல்டேஜ்! மீட்டரைப் பார்த்தால் ஃபேஸ் போயிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லோ வோல்டேஜ் எல்லையை 415-ஐ விட 15 சதவீதம் குறைவு என்று வைத்திருந்தால் அது 353 வோல்ட். அதற்குக் கீழே ஒன்றும் போகவில்லை, அதனால் பிரிவென்டரின் ரிலே விழுந்து மோட்டாரை நிறுத்தாது.

இதைப் பிடிக்கிற ஒரே இடம், மூன்று வோல்டேஜும் எத்தனை சதவீதம் விலகலாம் என்று வைக்கிற அன்பேலன்ஸ் குமிழ். மூன்று அளவின் சராசரி 387. அதிலிருந்து அதிகம் விலகி நிற்பது 411, விலகல் 24 வோல்ட். 24-ஐ 387-ஆல் வகுத்தால் சுமார் 6.2 சதவீதம். குமிழ் 5-இல் இருந்தால் ரிலே விழுந்திருக்கும். 10-இல் இருந்தால் பச்சை விளக்கோடு மோட்டார் கரியும். உங்கள் ரிலேயில் குமிழ் எங்கே இருந்தது என்று பாருங்கள். நிறையப் பேர் “அடிக்கடி டிரிப் ஆகுது” என்று கடைசி வரை திருகி வைத்திருப்பார்கள். குமிழே இல்லாத மலிவு ரகமும் உண்டு.

மோட்டார் இன்னும் பிரிக்காமல் இருந்தால் மூடியைக் கழற்றிக் காயிலைப் பாருங்கள். டெல்டா இணைப்பில் மூன்றில் ஒரு ஃபேஸின் காயில் மட்டும் கரியாகி, மற்ற இரண்டும் வார்னிஷ் நிறம் மாறாமல் இருந்தால் ஃபேஸ் போய்த்தான் கரிந்தது. ஸ்டாராக இருந்தால் தலைகீழ்: இரண்டு கரிந்திருக்கும், ஒன்று நன்றாக இருக்கும். மூன்றும் ஒன்றுபோலக் கரிந்திருந்தால் அது ஓவர்லோடு, பிரிவென்டரைத் திட்டிப் பயனில்லை.

மார்த்தாண்டம், ஒர்க்‌ஷாப்: நான் டிப்ளமோ படிச்சவன். ஃபேஸ் போனா கரண்ட் 1.73 மடங்கு ஏறும், ஓவர்லோடு ரிலே அடிச்சிரும். அப்புறம் பிரிவென்டர் எதுக்கு, வீண் செலவுதானே?

முழு லோடில் ஓடுகிற மோட்டாருக்கு நீங்கள் சொல்வது சரி. 11 ஆம்பியர் 19 ஆகிவிடும், ஓவர்லோடு ரிலே சில நிமிடங்களுக்குள் அடித்துவிடும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் எந்த மோட்டார் நாள் முழுக்க முழு லோடில் ஓடுகிறது?

அதே மோட்டார் சின்ன வேலையில் 6 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஃபேஸ் போனால் 10.4. ரிலேயை 11-இல் வைத்திருக்கிறீர்கள், அதன் கணக்கில் எல்லாம் சரி. உள்ளே நடப்பது வேறு. டெல்டாவில் வழக்கமாகக் காயிலுக்குள் போவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான். 11 ஆம்பியருக்கு 6.35. ஃபேஸ் போன பிறகு மிச்சமிருக்கிற இரண்டு லைனுக்கும் நேர் குறுக்கே நிற்கிற காயில், லைன் கரண்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். 10.4-இல் அது 6.9. ரிலே “லிமிட்டுக்குள்ளே இருக்கு” என்கிறபோதே அந்த ஒரு காயில் லிமிட்டைத் தாண்டிவிட்டது. டெல்டாவில் ஒற்றைக் காயில் கரிவதற்கும் இதுதான் காரணம்.

சில ஓவர்லோடு ரிலேக்களில் ஒரு ஃபேஸ் போனால் சீக்கிரம் விழுகிற அமைப்பு உள்ளேயே இருக்கிறது. உங்களுடையது அந்த ரகமா என்று அதன் காகிதத்தில் பாருங்கள். இருந்தால் உங்கள் வாதத்துக்குப் பாதி பலம் உண்டு.

தக்கலை, லேத் பட்டறை: எனக்க பட்டறையில ஃபியூஸ் மூணும் நல்லாத்தான் இருந்திச்சு, காண்டாக்டர்ல ஒரு பாயின்ட் மட்டும் கருத்துப் போயிருந்திச்சு. பிரிவென்டர் ஒயரை காண்டாக்டருக்குப் பின்னாடி, மோட்டார் பக்கம் கொடுத்தா இதையும் பிடிக்கும் இல்லியா?

கோளாறு எங்கே என்று சரியாகப் பிடித்துவிட்டீர்கள். வோல்டேஜ் பார்க்கிற ரிலேக்குத் தனக்குப் பின்னால் நடப்பது தெரியாது. காண்டாக்டர் பாயின்ட் தீய்ந்தாலும், மோட்டார் டெர்மினலில் லக் கழன்றாலும் அது மூன்று ஃபேஸையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்.

நீங்கள் சொல்கிற மருந்து வேலை செய்யாது. ரிலே சரி சொன்னால்தான் காண்டாக்டர் காயிலுக்குக் கரண்ட் போகும். காண்டாக்டர் மூடினால்தான் பின்பக்கத்தில் வோல்டேஜ் வரும், அதைப் பார்த்துத்தான் ரிலே சரி சொல்லும். ஆக ஸ்டார்ட்டே ஆகாது. எப்படியோ சுற்றிவளைத்து ஸ்டார்ட் செய்தாலும் மேலே சொன்ன பொய் வோல்டேஜ் அங்கேயும் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது கரண்ட் பார்க்கிற பிரிவென்டர். மோட்டாருக்குப் போகிற ஒயர்கள், கரண்ட் அளக்கிற அதன் சி.டி. வளையத்துக்குள் போகும். ஒரு ஒயரில் கரண்ட் நின்றால், அது ஃபியூஸில் வெட்டுப்பட்டதா பாயின்ட்டில் வெட்டுப்பட்டதா என்று பார்க்காமல் காண்டாக்டரை விழ வைக்கும். மோட்டார் எவ்வளவு பொய் வோல்டேஜ் உண்டாக்கினாலும் வெட்டுப்பட்ட ஒயரில் கரண்ட் ஓடாது. குறை ஒன்று உண்டு: மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகுதான் இதற்குக் கண் திறக்கும். ஃபேஸ் இல்லாமலேயே ஸ்டார்ட் கொடுத்தால் ஓரிரு விநாடி உறுமிய பிறகுதான் விழும். வோல்டேஜ் ரகம் ஸ்டார்ட் ஆகவே விடாது. இரண்டும் மாட்டலாமா என்றால் மாட்டலாம். லேத்துக்கு அவ்வளவு வேண்டுமா என்பதில் எனக்கும் என் தம்பிக்குமே ஒத்துப்போகாது.

இரணியல், எண்ணெய் மில்: சார், பகல்ல ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ரிலே சும்மா சும்மா விழுது. குமிழ் 3-ல இருக்கு. எலக்ட்ரீஷியன் தம்பி 10-ல வைக்கலாம்கிறான், இல்லேன்னா ரிலேயை பைபாஸ் பண்ணிரலாமாம். சாயங்கால அளவு எழுதி வச்சிருக்கேன்: 418, 396, 392. மோட்டாரு 10 எச்.பி.

அக்கா, அளவெடுத்து எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சராசரி 402. அதிக விலகல் 418-இல், 16 வோல்ட். அது 4 சதவீதம். உங்கள் ரிலே சும்மா விழவில்லை.

4 சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் வோல்டேஜில் 1 சதவீதம் சாய்ந்தால் கரண்ட் 6 முதல் 10 சதவீதம் வரை சாயும். டாங் டெஸ்டர் போட்டால் ஒரு லைனில் 16.5, இன்னொன்றில் 10 என்றுகூட நிற்கும். சூட்டுக்கு ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: சதவீதத்தை அதனாலேயே பெருக்கி இரண்டால் பெருக்குங்கள். 4-க்கு 32. காயிலின் சூடு ஏற்றம் 32 சதவீதம் கூடும்.

வீடுகளில் விளக்கும் மிக்சியும் ஏசியும் போடுகிற நேரம் அது. ஒரு ஃபேஸில் மட்டும் லோடு குவிந்திருக்கலாம். முதலில் உங்கள் மில்லிலேயே சிங்கிள் ஃபேஸ் சாமான்கள் எல்லாம் எந்த ஃபேஸில் இருக்கின்றன என்று பாருங்கள். அப்புறம் கரண்ட் மூன்றையும் எடுத்துவிட்டு, மெயினை அணைத்து, மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயரையும் ஒரு இடம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள், மஞ்சளில் நீலம், நீலத்தில் சிவப்பு. மூன்றையும் சேர்த்துத் தள்ளினால் சுற்றும் திசை மாறாது. அதிகக் கரண்ட் பழைய லைனோடேயே போனால் சப்ளையில் கோளாறு. மோட்டாரின் அதே முனையில் நின்றால் காயிலில் கோளாறு. சப்ளை என்றால் இந்த அளவுகளைத் தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரில் லோடைப் பிரித்துப் போடக் கேளுங்கள்.

அதுவரை குமிழை 5-க்கு மேல் ஏற்றாதீர்கள். 5-இல் வைத்தால் சாயங்காலம் விழாது. ஆனால் மோட்டார் கூடுதல் சூட்டில்தான் ஓடும், ஆகவே தேங்காய் போடுவதை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். 10 வேண்டாம். குலசேகரத்தார் கதை மேலே இருக்கிறது.

குளச்சல்: வீட்டுல போர் மோட்டார் 1 எச்.பி., வோல்டேஜ் ஏறி இறங்குது, இந்த ரிலே மாட்டலாமா?

உங்களுடையது சிங்கிள் ஃபேஸ். இந்த ரிலே மூன்று ஃபேஸ் இல்லாமல் ஆன் ஆகவே ஆகாது. லோ–ஹை வோல்டேஜ் கட்–ஆஃப் உள்ள ஸ்டார்ட்டர் போதும்.

ஆரல்வாய்மொழி, செங்கல் சூளை: காத்தடிச்ச அன்னைக்கு ஒரு ஃபேஸ்ல லைட்டு நல்லா எரிஞ்சிச்சு, ரெண்டு ஃபேஸ்ல மங்கலா எரிஞ்சிச்சு. மூணுலயும் கரண்ட் இருக்கே, மோட்டாரைப் போடலாமா?

போடவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே 11 ஆயிரம் வோல்ட் பக்கத்தில் ஒரு ஃபேஸ் போனால் கீழே இப்படித்தான் தெரியும்: ஒன்று முழுசு, இரண்டு பாதி. மங்கலான அந்த இரண்டுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் போட்டால் எரியவே எரியாது. மோட்டாருக்கு அது சிங்கிள் ஃபேஸ்தான், சுற்றாமல் உறுமும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

குலசேகரம் (மறுபடியும்): அண்ணாச்சி, குமிழை 5-ல வச்சேன். மோட்டாரை நிறுத்திட்டு ஒரு ஃபியூஸைக் கழத்திப் பாத்தேன், பச்சை அணைஞ்சிட்டு. ஸ்டார்ட்டே ஆகல. சரிதானே?

அந்தச் சோதனையில் பழைய 10-இலும் அப்படித்தான் அணைந்திருக்கும். மோட்டார் நின்றிருந்தால் பொய் வோல்டேஜ் ஏது? ஓடும்போது பார்க்க வேண்டும். அதற்காக ஓடும்போது கிட்காட்டை உருவிவிடாதீர்கள், தீப்பொறி கையைச் சுடும். மெயினை அணைத்துவிட்டு, ஒரு லைனில் மட்டும் ஃபியூஸுக்கும் பிரிவென்டர் ஒயருக்கும் நடுவில் ஒரு சிங்கிள் போல் எம்.சி.பி. மாட்டுங்கள். ரம்பத்தில் மரம் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு அந்த எம்.சி.பி.யை இறக்குங்கள். ரிலேயில் வைத்திருக்கிற நேரம், பெரும்பாலும் 5 விநாடி, அதற்குள் காண்டாக்டர் விழ வேண்டும். 10 விநாடி எண்ணியும் விழவில்லை என்றால் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டு, குமிழை 4-க்கு இறக்கி மறுபடி பாருங்கள். அதிலும் விழாவிட்டால் தக்கலைக்காரருக்குச் சொன்ன கரண்ட் ரகம்தான் உங்களுக்கும்.