பெயரை நீக்கினால் போதுமா? கட்சிக்காரர் விஷயத்தை எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

பதில் சொல்பவர் குடும்ப நல வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். ஆலோசகர்களுக்கும் பயிற்சி அளிக்கிறார்.

இளம் வழக்கறிஞர், மதுரை: மேடம், பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுத்தான் முகநூலில் வழக்கு அனுபவங்களை எழுதுகிறேன். இதற்கு மேலும் ஏதாவது செய்யணுமா?

முதலில் யார் கண்டுபிடிப்பார்கள் என்று யோசியுங்கள். முன்பின் தெரியாத வாசகருக்கு உங்கள் கட்சிக்காரர் யாரென்று அக்கறை இல்லை. கண்டுபிடிப்பவர்கள் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், வழக்கின் எதிர்த்தரப்புக்காரர், அவருடைய வக்கீல். இவர்களுக்குப் பாதி விவரம் ஏற்கெனவே தெரியும். மீதியை உங்கள் பதிவு நிரப்பிக் கொடுத்துவிடும்.

நீங்கள் சொந்தப் பெயரில் எழுதுகிறீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டே தேடலாம். உங்கள் வழக்குப் பட்டியல் வந்துவிடும். அதில் கணவன் மனைவி வழக்குகள் இருபது இருக்கலாம். பதிவில் ஆண்டைச் சொன்னால் அது ஐந்தாகும், நீதிமன்றத்தைச் சொன்னால் இரண்டாகும். பெயர் இல்லாமலே ஆள் கிடைத்துவிட்டார்.

கற்பனையாக ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். "2022இல் காரைக்குடியில் ஒரு வங்கி மேலாளரின் மனைவி வந்தார். இரட்டைப் பெண் குழந்தைகள். கணவர் ஆன்லைன் ரம்மியில் 14 லட்சம் இழந்து, மனைவியின் 38 பவுன் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்திருந்தார். அடகுச் சீட்டு கணவர் பெயரில். நகைக்கு ரசீது எதுவும் மனைவியிடம் இல்லை. கல்யாண ஆல்பத்தை வைத்துத்தான் நகையை அடையாளம் காட்டினோம்."

இதில் வாசகர் கற்க வேண்டியது ஒன்றுதான். சீட்டு கணவர் பெயரில் இருக்கும்போது, நகை தன்னுடையது என்று மனைவி எதைக் கொண்டு காட்டுவார்? இதற்குத் தேவையான விவரங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: தெரியாமல் அடகு, சீட்டில் கணவர் பெயர், ரசீது இல்லாதது, ஆல்பம். மற்றதெல்லாம் போகலாம். ரம்மி "கடன்" ஆகும். ஊர், ஆண்டு, வேலை, இரட்டைக் குழந்தைகள், பவுன் கணக்கு எதுவும் வேண்டாம். மாற்றி எழுதினால் இப்படி வரும்: "கடனில் சிக்கிய கணவர் மனைவியின் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைக்கிறார். சீட்டு அவர் பெயரில். மனைவியிடம் ரசீது இல்லை, கல்யாண ஆல்பம் மட்டும் இருக்கிறது." இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஆள் கலந்து மறைய உங்களுக்குத் தேவையான கூட்டம் அதுதான்.

பலரும் தவறவிடுவது நேரத்தை. "நேற்று ஒருவர் வந்தார்" என்று தொடங்கினால், பதிவின் தேதியே அடையாளமாகிவிடும். விசாரணை நாளன்று மாலையில் எழுதுவதும் அப்படியே. வழக்கு முடியட்டும், மேல்முறையீட்டுக் காலமும் கழியட்டும், பிறகு எழுதுங்கள்.

மூத்த வழக்கறிஞர், திருச்சி: தீர்ப்பே பெயரோடு இணையத்தில் கிடக்கிறது. பொது ஆவணத்தைப் பற்றி எழுத யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ரகசியம் என்பது நம் அறைக்குள் சொன்னது மட்டும்தானே?

பாதி சரி, ஐயா. தீர்ப்பில் உள்ள சட்டக் கேள்வியைத் தீர்ப்பில் உள்ளபடி அலசலாம். ஆனால் எழுதுபவர் அந்த வழக்கை நடத்தியவர் என்றால், தீர்ப்பில் இல்லாத ஒரு வரி தன்னையறியாமல் உள்ளே வந்துவிடும். "முதலில் சமரசத்துக்குத் தயாராக இருந்தார்", "அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம் என்றேன்" போன்ற வரிகள் அவை. கட்சிக்காரர் சொன்னது, நாம் சொன்ன ஆலோசனை, வழக்குக்காக நாம் பார்த்த ஆவணத்தின் உள்ளடக்கம் மூன்றும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவுக்குள் வரும். பழைய சாட்சியச் சட்டத்தின் 126தான் அது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது.

சில வகை வழக்குகளில் பொது ஆவணம் என்ற வாதமே நிற்காது. இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் நடக்கும் நடவடிக்கைகளைப் பற்றி எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும், அதுவும் நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு, விலக்கு உண்டு. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் பள்ளி, குடும்பம், குடியிருக்கும் பகுதி வரை எதையும் வெளியிடத் தடை செய்கிறது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு இருக்கிறது. இதோடு, நடத்திய வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கருத்து வரச் செய்வதை பார் கவுன்சில் விதி 36 விளம்பரமாகவே பார்க்கிறது. "நான் ஜெயித்த வழக்கு" என்று எழுதினால் ரகசியம் காத்திருந்தாலும் இந்த விதியில் மாட்டலாம்.

அமெரிக்க பார் அசோசியேஷன் 2018இல் கருத்துரை எண் 480இல் இன்னும் கடுமையாகச் சொன்னது: விவரம் பொதுப் பதிவேட்டில் இருப்பதால் மட்டும் வழக்கறிஞர் அதை எழுதிவிட முடியாது.

அதே மூத்த வழக்கறிஞர்: அமெரிக்க விதி நம்மைக் கட்டுப்படுத்தாதே!

கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே நடந்த தவறு இங்கேயும் நடக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் ஏழைக் கைதிகளுக்காக வாதாடிய ஓர் அரசு வழக்கறிஞர், கட்சிக்காரரின் முதல் பெயரையோ சிறை எண்ணையோ மட்டும் போட்டு வலைப்பதிவு எழுதினார். 2010இல் 60 நாள் இடைநீக்கம் கிடைத்தது. முழுப் பெயர் இல்லை, அதனால் ஆபத்து இல்லை என்ற அதே கணக்குதான் நம் வழக்கறிஞர் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுகிறது. அங்கே எதிர்த்தரப்பு வக்கீலும் உறுப்பினராக இருப்பார். வழக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, பெயரை விரலால் கிறுக்கி மறைத்தால் வழக்கு எண் அப்படியே தெரியும்.

பள்ளி ஆலோசகர், தேனி பக்கம்: நான் ஒரே பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட ஒரு மாணவனைப் பற்றி எழுதினால் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும். ஒன்பதாம் வகுப்பைப் பதினொன்று என்று மாற்றினால் போதுமா மேடம்?

போதாது. உங்கள் பெயர் தெரிந்தாலே பள்ளி தெரியும். அந்தப் பள்ளியில் இப்படி நடந்தது எத்தனை பேருக்கு? ஒருவரோ இருவரோ. வகுப்பை மாற்றினால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பதினொன்றில் வேறொரு மாணவன் உங்களிடம் வந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் அவனைச் சந்தேகிப்பார்கள். அவனும் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்து வருவதை நிறுத்திவிடுவான். எதை மாற்றினாலும், மாற்றிய விவரம் உங்களிடம் வரும் இன்னொருவருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

உங்கள் நிலையில் மாணவனே இல்லாமல் எழுதுவதுதான் சரி என்பேன். ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்: வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையிடம் வகுப்பில் வைத்துக் கேட்காமல் தனியே பேசுவது, காயத்தைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாமல் இருப்பது, அன்றே ஆலோசகரிடம் சொல்வது. எதனால், எப்படிக் காயப்படுத்திக்கொண்டான் என்ற விவரம் எந்த வடிவிலும் வேண்டாம். படிக்கும் பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடும்.

இன்னொன்று. எதை எதுவாக மாற்றினீர்கள் என்ற பட்டியலைச் சேமித்து வைக்காதீர்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆலோசகருக்குக் கிடையாது. நீதிமன்றம் கேட்டால் அந்தப் பட்டியலும் போக வேண்டிவரும்.

மருத்துவ உளவியலாளர், சென்னை: நாங்கள் பொதுவாக மூன்று நான்கு பேரைக் கலந்து ஒருவராக எழுதுகிறோம். ஆனால் அதை 'ஒரு கேஸ்' என்று எழுதும்போது வாசகரை ஏமாற்றுகிறோமோ என்று உறுத்துகிறது. மருத்துவ இதழ்களும் விவரத்தை மாற்றினால் அறிவியல் பொருள் திரியக் கூடாது என்கின்றன.

உறுத்துவது நியாயம்தான். "பலரின் அனுபவங்களைச் சேர்த்து எழுதியது" என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அப்படி எழுதியதை ஒரு சிகிச்சை பலன் தந்ததற்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது. ஒருவரின் அறிகுறியையும் இன்னொருவர் குணமானதையும் ஒட்டினால், நடக்காத ஒரு குணமாதலை நாமே உண்டாக்கிவிடுவோம். கலப்பது சூழலை விளக்கவும், உரையாடல் எப்படிப் போகும் என்று காட்டவும் உதவும். அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்ற முடியாது.

சட்டம் எழுதுபவர்களுக்கு மாற்றவே கூடாத விவரங்கள் சில உண்டு. மதத்தை மாற்றினால் பொருந்தும் விவாகரத்துச் சட்டமே மாறிவிடும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவராக மனு போடக்கூடியவர் பெண்தான். அங்கே பாலினத்தை மாற்றினால் பாடமே தவறாகிவிடும். 17 வயதை 19 ஆக்கினால் போக்சோ விலகிவிடும். இப்படி எலும்பாக இருக்கும் விவரமே ஆளைக் காட்டிக் கொடுக்கிறது என்றால், அந்த வழக்கை எழுத முடியாது என்றுதான் அர்த்தம்.

குடும்ப ஆலோசகர், கோவை: எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?

ஒப்புதல் நல்லதுதான், வாங்கும் விதத்தில்தான் கெட்டுப்போகிறது. முதல் நாள் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்து வாங்கியது ஒப்புதல் ஆகாது; அன்று அவருக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்றே தெரியாது. ஆலோசனை முடிந்த பிறகு, எழுதி முடித்த பிரதியைக் கையில் கொடுங்கள். ஒரு வாரமாவது வீட்டில் வைத்துப் படிக்கட்டும். மறுத்தால் கட்டணத்திலோ அடுத்த சந்திப்பிலோ எதுவும் மாறாது என்று வாயாலும் சொல்லுங்கள். வெளியிடும் நாள் வரை மனம் மாறலாம் என்பதும் தாளில் இருக்கட்டும்.

தம்பதி ஆலோசனை என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சம்மதித்தார் என்பதற்காக மற்றவர் சொன்னதை எழுத முடியாது. மேலே சொன்ன 22ஆம் பிரிவுத் தடையை எந்த ஒப்புதலும் நீக்காது.

பெயர் சொல்ல விரும்பாதவர்: என் கவுன்சலர் எழுதின கட்டுரை என்னைப் பத்தித்தான்னு தோணுது. வேற யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியுது. இது தப்பா, இல்ல நான்தான் பெருசு பண்றேனா?

பெரிதுபடுத்தவில்லை அம்மா. முதலில் கட்டுரையை, முகவரியும் தேதியும் தெரியும்படி, படமெடுத்து வையுங்கள். அதன் கீழே கருத்து எழுதாதீர்கள். எழுதினால் நீங்களே உங்களை அடையாளம் காட்டியதாகிவிடும். எந்தெந்த வரி உங்களுடையது என்று குறித்து, நீக்கும்படி அவருக்குத் தனியாக எழுதுங்கள். கேட்கவில்லை என்றால், அவர் ஒரு மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ வேலை செய்தால் அங்கே புகார் கொடுக்கலாம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்த மருத்துவ உளவியலாளர் என்றால் அங்கேயும் எழுதலாம். ஆலோசகர் என்று பலகை வைத்திருக்கும் எல்லோரும் அப்படிப் பதிவு பெற்றவர்கள் இல்லை, அதை முதலில் பாருங்கள்.

உங்களுக்கு மட்டும் தெரிந்தால் அது மீறலா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. மூன்றாம் நபர் கண்டுபிடிக்க முடியாதவரை மீறல் இல்லை என்பது ஒரு பக்கம். அறைக்குள் பேசியதை வெளியே படிக்க நேர்ந்தவர் மறுபடி மனம் திறக்க மாட்டார், அந்தச் சேதமே போதும் என்பது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். சட்டப்படி நடவடிக்கை நிற்குமா என்பது கட்டுரையைப் படித்தால்தான் சொல்ல முடியும். அதைப் பொதுவில் பகிர வேண்டாம், ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள்.