57 என்பது 5.7 இல்லை: ஏ1சி ரிப்போர்ட்டின் இரண்டு அளவுகள்

கேள்வி: ஆறு மாதம் முன்பு எடுத்த ஏ1சி பரிசோதனையில் 7.8 சதவீதம் என்று வந்தது. இப்போது வேறு லேபில் எடுத்தேன். அதில் 57 mmol/mol என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆயிரத்துக்கு 57 என்றால் நூற்றுக்கு 5.7தானே? சர்க்கரை அவ்வளவு இறங்கிவிட்டதா? மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: முதலில் மாத்திரையில் கை வைக்காதீர்கள். உங்கள் 57, பழைய கணக்கில் சுமார் 7.4 சதவீதம். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் சர்க்கரை நோய் என்று கணிக்கும் எல்லையான 6.5 சதவீதத்துக்கு, அதாவது 48 மில்லிமோலுக்கு, இன்னும் மேலேதான் இருக்கிறது.

நீங்கள் பத்தால் வகுத்தது கணக்காகச் சரிதான். ஆயிரம் ஹீமோகுளோபினில் 57இல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்றால் நூற்றில் 5.7தான். சிக்கல் என்னவென்றால், இரண்டு ரிப்போர்ட்டும் எண்ணுவது ஒரே பொருளை அல்ல. சதவீத அளவு, 1993இல் முடிவுகள் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் பயன்பட்ட முறையை ஒட்டியது. அந்த முறையில் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினோடு வேறு சில பொருட்களும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடும். அதனால் எண் உயரமாக வரும். பின்னால் வந்த சர்வதேச முறை, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையில் குளுக்கோஸ் ஒட்டியதை மட்டும் பிரித்து அளக்கிறது. ஆகவே அதன் எண் தாழ்வாக இருக்கும். அதையும் சதவீதமாகவே எழுதினால் 7.4 இருப்பவர் 5.7 என்று படித்து ஏமாந்துபோவார். இரண்டும் குழம்பக் கூடாது என்றுதான் புதியதற்கு மில்லிமோல் என்ற தனி அலகைக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் சதவீதத்துக்குப் பக்கத்தில் NGSP என்றும், மில்லிமோலுக்குப் பக்கத்தில் IFCC என்றும் இருப்பதைப் பார்த்திருக்கலாம்.

அதனால் மாற்றும்போது பெருக்கினால் மட்டும் போதாது, கூட்டலோ கழித்தலோ ஒன்று சேர்ந்து வரும்:

```
% = (mmol/mol × 0.0915) + 2.15
mmol/mol = (% × 10.93) − 23.5
```

உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 57ஐ 0.0915ஆல் பெருக்கினால் 5.22. அதோடு 2.15 கூட்டினால் 7.37, அதாவது 7.4 சதவீதம். பழைய 7.8ஐ மறுபக்கம் மாற்றினால் 62 மில்லிமோல் வரும்.

கால்குலேட்டர் கையில் இல்லையென்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. முழு சதவீதத்தில் இரண்டைக் கழியுங்கள், வந்ததில் மறுபடி இரண்டைக் கழியுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 7 என்றால் 5, அப்புறம் 3, ஆக 53. 8 என்றால் 64. 9 என்றால் 75. நடுவில் வரும் ஒவ்வொரு 0.1க்கும் ஏறக்குறைய ஒரு மில்லிமோல் கூட்டிக்கொள்ளலாம். 7.4க்கு 53உடன் 4 சேர்த்தால் 57, உங்கள் எண்ணே வந்துவிடுகிறது.

சரி, எவ்வளவு இறங்கியது? இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். 62லிருந்து 57க்கு 5 குறைந்தது என்று அந்த 5ஐ மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் 2.6 சதவீதம் இறங்கிவிட்டது போலத் தெரியும். அது தவறு. வித்தியாசத்தை மாற்றும்போது 2.15ஐக் கூட்டவே கூடாது. 1 சதவீத வித்தியாசம் என்பது ஏறக்குறைய 11 மில்லிமோல், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 0.4 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறைந்திருக்கிறது.

அதையும் முழுதாக நம்பிவிட முடியாது. 0.5 சதவீதம், அதாவது 5 அல்லது 6 மில்லிமோலுக்குக் குறைவான மாற்றத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் உறுதியான முன்னேற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. கருவிக்குக் கருவி அந்த அளவு வித்தியாசம் வரலாம், நீங்களோ லேபையே மாற்றியிருக்கிறீர்கள். நல்ல திசையில்தான் போகிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மாத்திரையின் அளவை முடிவு செய்ய இது போதாது. இரண்டு ரிப்போர்ட்டையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறையும் இதே லேபில் எடுத்தால் 57உடன் நேராக ஒப்பிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில ரிப்போர்ட்டில் சராசரி குளுக்கோஸ் என்று மூன்றாவதாக ஓர் எண் இருக்கும். 7.4 சதவீதத்துக்கு அது டெசிலிட்டருக்குச் சுமார் 166 மில்லிகிராம், அல்லது லிட்டருக்கு 9.2 மில்லிமோல். அந்த 9.2ஐப் பார்த்து ஏ1சி ஒன்பதைத் தாண்டிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது இரத்தச் சர்க்கரையின் அளவு. 18ஆல் பெருக்கி மில்லிகிராமுக்கு மாற்றும் வழக்கம் அந்த எண்ணுக்கு மட்டுமே பொருந்தும், உங்கள் 57க்குப் பொருந்தாது.