குடிப்பதால் மாதவிடாய் தள்ளிப்போகுமா?

கேள்வி: "எனக்கு 34 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறேன். உடம்பு வலிக்காக ஆரம்பித்தது. இப்போது இரண்டு வருஷமாக வாரத்தில் நாலைந்து ராத்திரி, வீட்டுக்காரர் வாங்கி வரும் குவார்ட்டரில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் படுக்கிறேன். முன்பு 30 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். இப்போது 25 நாளிலும் வருகிறது, 45 நாளிலும் வருகிறது. வருவதற்கு ஒரு வாரம் முன்னால் காரணமே இல்லாமல் கோபம், அழுகை. அந்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடக் குடித்தால்தான் தூக்கம். டாக்டரிடம் குடிப்பதைச் சொல்லவில்லை. குடியால்தான் இப்படி ஆகிறதா? நிறுத்தினால் சரியாகுமா?"

பதில்: அந்த ஒரு வாரக் கோபத்தையும் அழுகையையும் குடி கூட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் அதிகமில்லை. நாள் முன்பின் ஆவதில் அதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால் 45 நாள் தள்ளுவதை முழுக்கக் குடியின் தலையில் போட்டுவிட்டு வேறு எதையும் பார்க்காமல் விடக் கூடாது. ஆபரேஷனை நினைத்துக் கவலை வேண்டாம். கருக்குழாயைக் கட்டினால் சினைப்பையின் வேலை மாறுவதில்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். குவார்ட்டர் 180 மில்லி, அதில் பாதி, அதாவது ஒரு கட்டிங், 90 மில்லி. நம்மூர் பிராந்தி, ரம்மில் ஏறத்தாழ 43 சதவீதம் சாராயம். அப்படியானால் ஒரு ராத்திரியில் உங்கள் உடம்புக்குள் போவது சுமார் 30 கிராம் சுத்தச் சாராயம். 10 கிராமை ஒரு டிரிங்க் என்று வைத்துக் கணக்கிடும் முறையில் இது மூன்று டிரிங்க். பெண்ணின் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே 90 மில்லியை உங்கள் வீட்டுக்காரர் குடித்தால் அவர் ரத்தத்தில் ஏறுவதைவிட உங்கள் ரத்தத்தில் அதிகமாக ஏறும். அந்த ஒரு வாரத்தில் "இன்னும் கொஞ்சம்" சேரும்போது நாலைந்து டிரிங்க் ஆகிவிடுகிறது.

1980களில் அமெரிக்காவில், ஆரோக்கியமான பெண்களைச் சில வாரங்கள் மருத்துவமனையில் தங்கவைத்து, அவர்கள் விரும்பிய அளவு குடிக்கவிட்டு, அன்றாடம் ஹார்மோன்களை அளந்து பார்த்தார்கள். எப்போதாவது குடித்தவர்களின் சுழற்சி மாறவில்லை. நாளுக்கு மூன்று டிரிங்குக்கு மேல் போனவர்களில் பலருக்கு முட்டை வெளிவருவது தாமதமானது, அல்லது வெளிவரவே இல்லை. சிலருக்கு புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியது. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் சுமார் 14 கிராம். அதனால் சாதாரண ராத்திரியில் நீங்கள் அந்த எல்லைக்குக் கீழே, அந்த ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட எல்லைக்கோட்டில்.

ஏன் இப்படி ஆகிறது? ஈஸ்ட்ரோஜனை மாற்றி வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதி கல்லீரலுடையது. சாராயம் உள்ளே வந்ததும் கல்லீரல் அதை எரிக்கவே மெனக்கெடுகிறது, அதனால் ஈஸ்ட்ரோஜன் சில மணி நேரம் வழக்கத்தைவிட ஏறி நிற்கும். டெஸ்டோஸ்டிரோனும் கொஞ்சம் ஏறும். எப்போது முட்டையை விடச் சொல்வது என்று மூளை முடிவெடுப்பது இந்த ஹார்மோன் அளவுகளைப் பார்த்துத்தான். ஏற்ற இறக்கம் அடிக்கடி நடந்தால் அந்தக் கட்டளை தள்ளிப்போகிறது.

முட்டை வெளிவந்ததிலிருந்து மாதவிடாய் வரும் வரை சுமார் 14 நாள். அது பெரிதாக மாறாது, நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய பாதிதான். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 நாளில் வந்த மாதத்தில் முட்டை 11ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும். 45 நாள் ஆன மாதத்தில், வந்திருந்தால், 31ஆம் நாள் வாக்கில். அந்தக் கோப வாரம் ஒரு தடவை 18ஆம் நாளிலும் இன்னொரு தடவை 38ஆம் நாளிலும் தொடங்கும். எப்போது வரும் என்று தெரியாததால்தான் "காரணமே இல்லாமல்" வருவதாகத் தோன்றுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோபம், மார்பு கனத்து வலிப்பது, வயிறு உப்புவது எதுவுமே இல்லாமல், நாள் தள்ளி திடீரென்று அதிகமாக உதிரம் பட்டால், அந்த மாதம் முட்டை வெளிவராமல் இருந்திருக்கலாம். முட்டை வராவிட்டால் புரோஜெஸ்ட்டிரோன் சுரக்காது, கருப்பை உள்சவ்வு தடித்துக்கொண்டே போய் ஒருநாள் இடிந்து விழும். இது ஒரு குறிப்புதானே தவிர உறுதியான சோதனை அல்ல. ஆனாலும் எந்த மாதம் கோபத்தோடு வந்தது, எந்த மாதம் சத்தமில்லாமல் வந்தது என்று நீங்கள் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி அந்த ஒரு வாரம். முட்டை வந்தபின் சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோனிலிருந்து, மூளையை அமைதிப்படுத்தும் ஒரு பொருள் உண்டாகிறது. மாதவிடாய் நெருங்கும்போது அது மளமளவென்று குறையும். சாராயம் வேலை செய்வதும் மூளையில் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான், அதனால்தான் அந்த வாரம் ஒரு கட்டிங் போட்டதும் இதமாக இருக்கிறது. ஆனால் ஐந்தாறு மணி நேரத்தில் அது இறங்கும்போது மூளை எதிர்ப்பக்கம் துள்ளும். விடிகாலை இரண்டு, மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வருகிறதா? அது மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை அல்ல, சாராயம் இறங்குகிறது. அந்த அரைத் தூக்கத்தோடு காலையில் வயலில் இறங்கினால் சாயங்காலம் பிள்ளைகள் மேல் எரிந்து விழத்தான் தோன்றும். இரவில் மறுபடி பாட்டில். 2018இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குடிக்கும் பெண்களிடம் இந்தத் தொல்லை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காணப்பட்டது, அதிகம் குடிப்பவர்களிடம் இன்னும் கூடுதல். தொல்லை இருப்பதால் குடிக்கிறவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். உங்கள் கடிதத்தில் இரண்டுமே நடக்கிறது.

எது எதனால் என்று பிரிக்க வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர் போதும். பட்ட நாளைச் சிவப்பில் சுழியுங்கள். குடித்த ராத்திரியில் எத்தனை கட்டிங் என்று எழுதுங்கள். அன்றைய கோபத்துக்கும் அழுகைக்கும் 0 முதல் 3 வரை ஒரு எண் போடுங்கள். நடவுக்குப் போன நாளையும் குறியுங்கள். குறுவை, சம்பா நடவு வாரங்களில் நேரத்துக்குச் சாப்பிடாமல் உடம்பு இளைத்தாலே முட்டை தள்ளிப்போகும், அந்தப் பழியும் குடி மேல் விழக் கூடாது. இரண்டு சுழற்சி எழுதுங்கள். 2, 3 என்ற எண்கள் சிவப்பு நாளுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் வந்து, பட ஆரம்பித்த சில நாளில் 0 ஆனால் அது மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை. குடித்த மறுநாளெல்லாம் எண் ஏறினால் அது குடி. மாதம் முழுக்க 2, 3 என்றே இருந்தால் மனச்சோர்வா, தைராய்டா என்று பார்க்க வேண்டும்.

சோதனைகளை அதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். மன்னார்குடி அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை. ஆபரேஷன் ஆனவருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், அபூர்வமாகக் கரு தங்கினால் குழாயிலேயே தங்கும் ஆபத்து உண்டு. பிறகு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் சோதனை, புரோலாக்டின், வயிற்று ஸ்கேன். புரோலாக்டினுக்கு முந்தின ராத்திரி குடிக்காமல், காலையில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரத்தம் கொடுங்கள்.

நீங்கள் விழுங்கும் மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள். குடிப்பவர்கள் பலர் வயிற்று எரிச்சலுக்கு மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். அதில் பலவற்றில் டாம்பெரிடோன் கலந்திருக்கும். அது புரோலாக்டினை ஏற்றும், நாளும் தள்ளும். கோயில் விசேஷத்துக்காக நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். உடம்பு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், வயிற்று வலிக்குப் போடும் மெஃபனமிக் அமில மாத்திரைகளைக் குடித்த ராத்திரியில் போட்டால் இரைப்பையில் ரத்தம் கசியலாம்.

குடியை விடுவது பற்றி. காலையில் கை நடுங்குகிறதா, குடிக்காத நாளில் வியர்த்துக் கொட்டுகிறதா? ஆம் என்றால் தானாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், மருத்துவரின் கண்காணிப்பில், அவர் தரும் மருந்தோடும் தயமின் என்ற வைட்டமின் ஊசியோடும் நிறுத்த வேண்டும். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அந்த அறிகுறி இல்லையென்றால், அடுத்த மாதவிடாய் பட்ட நாளிலிருந்தே விடுங்கள். கோப வாரத்தில் தொடங்கினால் இரண்டு சிரமம் சேர்ந்து வரும். முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் மோசமாக இருக்கும், அதைப் பார்த்து "இது இல்லாமல் முடியாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டில் வீட்டுக்கு வராமல் இருக்க வீட்டுக்காரரிடம் பேசத்தான் வேண்டும். யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

ஒரு முட்டை வளர்ந்து தயாராக ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். எனவே நிறுத்திய முதல் மாதமே நாள் சரியாகாது, மூன்று சுழற்சி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தூக்கமும் மறுநாள் எரிச்சலும் அதற்கு முன்பே மாறும். மூன்று சுழற்சிக்குப் பிறகும் அந்த வாரம் மட்டும் ஆட்டிவைத்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, சிலவற்றை மாதத்தில் இரண்டு வாரம் மட்டும் போட்டாலே போதும்.

எட்டு நாளுக்கு மேல் பட்டாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 90 நாள் வராவிட்டாலோ காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த நேரத்திலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், உட்கார்ந்ததும் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்: "வாரத்துக்கு நாலைந்து ராத்திரி ஒரு கட்டிங் குடிக்கிறேன், ரெண்டு வருஷமா." கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.