காந்தப்புலத்தை நீக்கினால் உப்பு ஏன் குளிர்கிறது?

கேள்வி: காந்தத்தை அணைத்ததும் ஓர் உப்பு 1 கெல்வினுக்கும் கீழே குளிர்கிறதாமே, அந்த வெப்பம் எங்கே போகிறது?

வெப்பம் வெளியேறுவது புலத்தை அணைக்கும்போது அன்று. அதற்கு முன்பே, புலத்தை ஏற்றும்போது. 1933இல் பெர்க்லியில் ஜியோக்கும் மெக்டூகலும் கடோலினியம் சல்பேட்டைக் கொண்டு செய்த சோதனையைப் பார்ப்போம். ஒவ்வொரு கடோலினியம் அயனியையும் ஒரு நுண்காந்தமாக்கும் ஸ்பின் 8 நிலைகளில் ஒன்றில் இருக்கலாம். புலம் இல்லாதபோது எட்டுக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு. 1.5 கெல்வினில் படிக அதிர்வுகள் அநேகமாக அடங்கிவிடுவதால், உப்பின் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, முழுவதும் ஸ்பின்களிடமே இருக்கிறது எனலாம்.

உப்பைச் சுற்றிச் சிறிது ஹீலியம் வாயு, அதற்கு வெளியே திரவ ஹீலியம். சுமார் 8000 காஸ் புலத்தை ஏற்றியதும் ஸ்பின்கள் ஓரளவு புலத்தின் திசைக்குத் திரும்புகின்றன. அவற்றின் என்ட்ரோபி குறைய, அப்போது வெளிப்படும் வெப்பத்தை வாயுவின் வழியே திரவ ஹீலியம் வாங்கிக்கொள்கிறது. பிறகு வாயுவை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புலத்தைக் குறைக்கிறார்கள். ஸ்பின்களின் என்ட்ரோபி, புலம் B-க்கும் வெப்பநிலை T-க்கும் உள்ள `B/T` என்ற விகிதத்தையே சார்ந்தது. வெளியிலிருந்து வெப்பம் நுழைய வழியில்லாததால் என்ட்ரோபி மாறாது, எனவே அவ்விகிதமும் மாறக்கூடாது, ஆகவே B குறையும்போது T-யும் குறைந்தாக வேண்டும். அவர்கள் 0.25 கெல்வினை எட்டினார்கள்.

புலம் சுழியானாலும் வெப்பநிலை சுழியாவதில்லை, ஏனெனில் அண்டை அயனிகள் உண்டாக்கும் சிறு உட்புலம் எஞ்சி நிற்கிறது. வாயு முழுதும் நீங்காவிட்டால் உப்பு விரைவில் சூடேறும். சுற்றியுள்ள கம்பிச்சுருளில் அளக்கும் காந்த ஏற்புத்திறன், அதாவது புலத்தில் உப்பு எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதன் அளவு, சரிவதே அதற்கு அடையாளம்.